24 அடி அகல வீட்டில் வானவெளி: வெளிச்சம் எதுவரை வரும், காற்று எங்கே நிற்கும், தண்ணீர் எப்படி வெளியேறும்

பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம் பக்கத்துப் பழைய தெருக்களில் மனை என்றாலே நீளவாக்கில்தான் இருக்கும். அகலம் 24 அடி, ஆழம் 54 அடி, கணக்குக்கு மூன்று சென்ட். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால் பக்கவாட்டில் ஒரு ஜன்னல்கூட வைக்க முடியாது. இப்படிப்பட்ட மனையில் நடுவிலுள்ள அறைகளுக்கு வெளிச்சம் வர இருக்கும் ஒரே வழி மேலே திறந்திருக்கும் வானவெளி. வீட்டின் நடுவில் ஒரு சதுரத்தை விட்டுவிட்டால் வானவெளி ஆகிவிடாது. எத்தனை அடி விடுகிறோம் என்பதைவிட, அதைச் சுற்றி எத்தனை அடி உயர்த்துகிறோம் என்பதுதான் வெளிச்சத்தை முடிவு செய்கிறது. கிழக்கு பார்த்த ஒரு மனையை எடுத்துக்கொண்டு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பிளான்

முன்னால் 5 அடி, பின்னால் புறவாசலுக்கு 8 அடி விட்டால் கட்டடத்துக்கு 41 அடி ஆழம் மிஞ்சும். (முன், பின், பக்க இடைவெளி எவ்வளவு என்பதை 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி உங்கள் தெருவுக்கு எது பொருந்துமோ அதைக் கேட்டுக்கொண்டு இந்த அளவுகளைத் திருத்திக்கொள்ளுங்கள்.) முக்கால் அடிச் சுவர் நாலு போக 38 அடி. அதில் முன்னால் பட்டாசல் 11 அடி, நடுப்பகுதி 15 அடி, பின்னால் அடுக்களையும் குளியலறையும் உள்ள பகுதி 12 அடி.

நடுப்பகுதியின் உள் அகலம் இருபத்திரண்டரை அடி. வடக்குச் சுவரை ஒட்டி எட்டேகால் அடி அகலத்தில் ஒரு படுக்கையறை, அதற்கு ஒரு சுவர். மீதி பதின்மூன்றரை அடி. அதில் வானவெளித் தரை 9க்கு 9. கிழக்கிலும் மேற்கிலும் நடந்துபோக 3 அடித் தாழ்வாரம், தெற்கில் உட்காருவதற்கு நாலரை அடித் தாழ்வாரம். வடக்கில் தாழ்வாரம் வேண்டாம், படுக்கையறைச் சுவரில் ஜன்னலுக்கு மேல் ஒரு சன்ஷேடு போதும். தாழ்வாரத்துக்கு ஓட்டுச் சரிவு. ஓட்டு விளிம்பு தூணைத் தாண்டி அரை அடி நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், கிழக்கு மேற்காக ஆகாயம் தெரியும் வாய் 8 அடி.

தாழ்வாரம் நாலு பக்கமும் ஒரே அகலத்தில் இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் நாலு பக்கமும் மூன்றடி என்றால் எந்தப் பக்கமும் குடும்பமாக உட்கார முடியாது. ஒரு பக்கத்தைத் தாராளமாக வைத்து மற்றதை நடைபாதையாக விடுவதே இந்த அகலத்துக்குச் சரி. தெற்கை உட்காரத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் வெயில். திருநெல்வேலியில் உச்சிச் சூரியன் வருஷத்தில் இரண்டு தடவை நேர் தலைக்கு மேல் வரும்: சித்திரைப் பிறப்புக்கு ஓரிரு நாள் முன்பு, பிறகு ஆகஸ்ட் கடைசியில். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். ஜூன் 21-இல்கூட உச்சிக்கு 15 டிகிரிக்குள்தான். அன்றைக்கும் தெற்குத் தாழ்வாரத்துக்குள் நண்பகல் வெயில் விளிம்பிலிருந்து இரண்டடிக்குமேல் நுழையாது. மற்ற மாதங்களில் சூரியன் தெற்கே இருப்பதால் அந்த இடம் தானாகவே நிழலில் இருக்கும்.

வெளிச்சத்தைக் கட்டம் போட்ட தாளில் அளப்பது

அறையில் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது ஆகாயத்தில் ஒரு துண்டாவது கண்ணுக்குத் தெரிந்தால் அங்கே பகலில் விளக்கு வேண்டாம். தெரியாவிட்டால் சுவரில் பட்டுத் திரும்பும் மங்கலான வெளிச்சம் மட்டுமே. இந்த எல்லைக்கோடு எங்கே விழும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஒரு கணக்கு நோட்டும் ஸ்கேலும் போதும்.

ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்துக்கொண்டு, கிழக்கு மேற்காக வீட்டை வெட்டினாற்போல் வரையுங்கள். எல்லா உயரமும் தாழ்வாரத் தரையிலிருந்து. பட்டாசல் பக்கத்து ஓட்டு விளிம்பை 8 அடி உயரத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். எதிர்ப்பக்கம், அதாவது அடுக்களை மேலுள்ள தளத்தின் ஓரம், இந்தப் புள்ளியிலிருந்து பதினொன்றரை அடி தள்ளி இருக்கும் (8 அடி வாய், அதற்குப் பின் மூன்றரை அடி ஓடு). அந்த ஓரத்தில் எது உயரமாக நிற்கிறதோ அதன் உச்சியை இன்னொரு புள்ளியாக வையுங்கள். இரண்டையும் இணைத்து ஒரு கோடு இழுத்து, அதைப் பட்டாசலுக்குள் நீட்டுங்கள். நாற்காலியில் இருப்பவர் மடியில் பேப்பர் விரிக்கும் உயரம் இரண்டரை அடி. கோடு அந்த உயரத்தைத் தொடும் இடம்தான் எல்லை.

தளத்தின் மேல்மட்டம் பத்தரை அடி. தட்டட்டியில் வழக்கம்போல மூன்றடிக் கைப்பிடிச் சுவர் எழுப்பினால் உச்சி பதின்மூன்றரை. கோடு ஓட்டு விளிம்பிலிருந்து பதினொன்றரை அடியில் இறங்கிவிடும். தாழ்வாரமும் சுவருமாக நாலேகால் அடியைக் கழித்தால், பதினோரு அடிப் பட்டாசலில் ஏழேகால் அடி வரைதான் ஆகாயம் தெரியும். மீதி மூன்றே முக்கால் அடி மங்கல்.

இப்போது வானவெளியைப் பார்த்த ஓரத்தில் மட்டும் கைப்பிடிச் சுவரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கம்பி கிராதி போட்டால் உச்சி பத்தரைக்கு இறங்குகிறது. கோடு 25 அடி வரை போகிறது. பட்டாசலின் கடைசி மூலைவரை ஆகாயம் தெரியும். செங்கல் மூன்றடியைக் குறைத்ததற்கு இவ்வளவு பலன். கிராதியில் கம்பிகள் செங்குத்தாக, இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். குறுக்குக்கம்பி வைத்தால் பிள்ளைகள் ஏணி மாதிரி ஏறுவார்கள்.

ஓட்டு விளிம்பும் அதே அளவு முக்கியம். பழைய வீடுகளில் இருக்கிறதே என்று விளிம்பை 7 அடிக்கு இறக்கி, மேலே கைப்பிடிச் சுவரும் வைத்தால் கோடு 8 அடியிலேயே நின்றுவிடும். பட்டாசலுக்குள் நாலடிகூட வராது. மழைத்தண்ணீர் வாரியை விளிம்புக்குக் கீழே தொங்கவிட்டால் அதுவும் விளிம்பை இறக்கியதாகத்தான் கணக்கு. வாரியின் அடிப்பாகம் 8 அடிக்குக் கீழே போகக் கூடாது என்று வெல்டிங்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாடி எடுப்பதாக இருந்தால்

வானவெளி வைத்த வீடுகள் இருட்டாகிப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பத்து வருஷம் கழித்து எழும்பும் மாடி. அதே நோட்டில் பின்பக்கம், அடுக்களைக்கு மேலே ஒரு மாடி எழுப்பிப் பாருங்கள். கைப்பிடிச் சுவரோடு உச்சி இருபத்து மூன்றரை அடி. பட்டாசல் பக்கம் கோடு நாலடியிலேயே மடி உயரத்துக்கு இறங்கிவிடும், அதாவது பட்டாசல் வாசற்படியையே தாண்டாது. வீட்டில் எல்லோரும் காலை பத்து மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள்.

கிழக்கு பார்த்த வீட்டுக்கு மாடி முன்பக்கம், பட்டாசலுக்கு மேலே மட்டும் இருப்பது நல்லது. பட்டாசல் மேற்கே, தாழ்ந்த அடுக்களைத் தளத்தைப் பார்த்துத்தான் ஆகாயத்தைக் காண்கிறது. அதன் தலைக்கு மேல் மாடி வந்தாலும் அதன் வெளிச்சம் குறையாது. குறைவது அடுக்களையின் கிழக்குப் பக்கம்தான். அதற்குப் புறவாசல் ஜன்னல் இருக்கிறது. இன்னும் இரண்டு லாபம் உண்டு. வைகாசியிலிருந்து ஆவணி வரை அடிக்கும் மேலக்காற்று தாழ்ந்த பின்பக்கத்தைத் தாண்டி வந்து, உயர்ந்த முன்மாடிச் சுவரில் மோதி, ஒரு பங்கு கீழே வானவெளிக்குள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாய்ந்து விழும் மழையை அதே மாடி ஓரளவு மறைக்கும்.

மேற்கு பார்த்த வீடானால் இந்தச் சௌகரியம் தலைகீழாகும். அங்கே பட்டாசல் மேற்கில் இருக்கும். வெளிச்சத்துக்காக மாடியை அதன் மேலே வைத்தால் மேலக்காற்று மாடிக்கு மேலேயே தாண்டிப் போய்விடும். அந்த வீட்டில் வெளிச்சமா காற்றா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். வெளிச்சத்தை எடுத்துக்கொள்வதே எங்கள் கட்சி, காற்றுக்கு மின்விசிறியாவது இருக்கிறது.

மாடி இன்றைக்கு இல்லையென்றாலும் எந்தப் பக்கம் வரும் என்பதை இப்போதே முடிவு செய்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் அஸ்திவாரத்தையும் தூணையும் அதற்கேற்பப் போடச் சொல்லுங்கள். மற்றப் பக்கம் தூண் கம்பியை மேலே நீட்டி விட்டால், பின்னால் யாராவது அதன்மேல் கட்டத்தான் செய்வார்கள்.

காற்று

வானவெளி காற்றை இழுக்கும் என்பது பாதி உண்மை. புறவாசல் வழியாக வரும் மேலக்காற்றுக்கு வானவெளியைக் கண்டதும் மேலே போவதுதான் சுலபம். பட்டாசலுக்குள் அது நுழைய வேண்டுமானால் பட்டாசலின் தெருப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தெருத் தூசிக்குப் பயந்து அதை எப்போதும் சாத்தி வைத்தால் வானவெளியில் துணி பறக்கும், நாலடி தள்ளிப் பட்டாசலில் வேர்த்து ஊற்றும். தெருப்பக்க ஜன்னலை மேல்பாதி தனி, கீழ்பாதி தனியாகத் திறக்கும் கதவாகப் போடுங்கள். கீழே சாத்தி மேலே திறந்து வைக்கலாம்.

அடுத்தது அடுக்களைப் புகை. பின்பகுதி முழுவதையும் அடுக்களையாக்கி, காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும் என்று வைத்துவிட்டால், ஆடி மாசம் முழுக்கத் தாளிப்பு நெடி வீட்டைச் சுற்றும். பின்பகுதியின் இருபத்திரண்டரை அடியில் அடுக்களைக்குப் பத்தரை, குளியலறைக்கு ஆறரை என்று இரு பக்கமும் ஒதுக்கி, நடுவில் 4 அடிக்கு ஒரு நடையைத் தனியாக விடுங்கள். புறவாசல் கதவிலிருந்து வானவெளிக்கு அது நேர்வழி. அந்த வாசலுக்கு மரக்கதவோடு வெளியே ஒரு கம்பிக்கதவும் இருந்தால், இரவில் மரக்கதவைத் திறந்து போட்டே தூங்கலாம். அடுக்களையிலிருந்து தாழ்வாரத்துக்கு வரும் கதவைச் சமைக்கும் நேரத்தில் மட்டும் சாத்திக்கொள்ளலாம்.

வடக்குப் படுக்கையறைக்கு ஒரு பக்கம்தான் திறப்பு. அதற்குள் காற்று ஓடாது. எந்தப் பிளானிலும் ஓடாது. ஜன்னலைக் கட்டில் மட்டத்துக்கு, ஒன்றரை அடி உயரத்தில் தொடங்கி, தளத்தை ஒட்டி ஒரு வென்டிலேட்டரும் வைத்தால், மேலே தேங்கும் சூடு இறங்கும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

காற்றையும் சூட்டையும் ஒன்றாகக் கெடுப்பது வானவெளிக்கு மேலே போடும் பாலிகார்பனேட் ஷீட். நம் ஊரில் உச்சி வெயில் செங்குத்தாக விழுவதால் ஷீட் அதை அப்படியே உள்ளே விட்டு, சூடான காற்றை மட்டும் வெளியே விடாமல் பிடித்து வைக்கும். மழைக்குப் பயந்து போட்டே தீர வேண்டுமென்றால், தளத்திலிருந்து இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்து, ஓரங்களில் ஒன்றரை அடி நீட்டிப் போடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலுக்கு மட்டும் என்றால், கம்பியில் கோர்த்த பாதி நிழல் தரும் பச்சை வலையே போதும். மாலையில் ஒதுக்கிவிட்டால் இரவில் தரை குளிரும்.

தரையும் தண்ணீரும்

வானவெளித் தரை தாழ்வாரத்தைவிட 6 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். ஏன் ஆறு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வாயில் விழும் மழையோடு, உள்பக்கம் சரிந்த ஓட்டில் விழுவதும் இங்கேதான் வரும். மொத்தம் சுமார் 200 சதுர அடி. ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் கொட்டினால் ஏறத்தாழ 1,860 லிட்டர். 9க்கு 9 தரையில் 6 அங்குலத்துக்குக் கொள்வது 1,150 லிட்டர். ஆகவே இலையோ பிளாஸ்டிக் பையோ வாயை அடைத்துக்கொண்டால், தாழ்வாரத்தில் தண்ணீர் ஏறுவதற்கு முப்பத்தைந்து நிமிஷம்போல அவகாசம் கிடைக்கும். நாலு அங்குலமே தாழ்த்தியிருந்தால் இருபத்தைந்துதான். தளத்துத் தண்ணீரையும் குழாய் வைத்து வானவெளிக்குள் விட்டால் இந்தக் கணக்கெல்லாம் அடிபட்டுப் போகும். தளத்துத் தண்ணீர் முன்னும் பின்னும் வெளியேதான் போக வேண்டும்.

வடிகால் வாயை வடகிழக்கு மூலையில் வையுங்கள், தரைச் சரிவு அந்தப் பக்கம் அடிக்கு கால் அங்குலம். மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்வதால், தெற்கு ஓட்டு விளிம்பின் நிழல் ஐந்தடிக்கு மேல் தரையில் விழும். அந்தப் பாதி காயாது, பாசி பிடிக்கும். தண்ணீர் கடைசியாக நிற்கும் இடம் வெயில் படும் வடக்குப் பக்கமாக இருந்தால் சீக்கிரம் உலரும். இதே காரணத்துக்காகத் தரைக்கு வழவழப்பான டைல்ஸ் கூடாது. கொத்திய கருங்கல் பலகை அல்லது சொரசொரப்பான தட்டோடு போடலாம்.

குழாய் 4 அங்குலம். அது போக, தாழ்வாரப் படியின் செங்குத்து முகத்தில், தாழ்வாரத் தரைக்கு 2 அங்குலம் கீழே இன்னொரு துளையை வைத்து, தனிக் குழாயில் வெளியே விடுங்கள். முதல் வாய் அடைத்துக்கொண்டாலும் இது காப்பாற்றும். கொத்தனார்கள் வழக்கமாகச் செய்யாத வேலை இது. பக்கத்தில் நின்று செய்யச் சொல்ல வேண்டும். வானவெளிக் குழாயைக் கழிவறைக் குழாயோடு சேர்க்கவே கூடாது. சேர்த்தால், கோடையில் டிராப்பில் நிற்கும் தண்ணீர் வற்றியதும் நாற்றமும் கரப்பானும் வீட்டின் நடுவுக்கே வரும்.

குழாய் தெருவுக்குப் போய்ச் சேருமா என்பதைப் பீடம் எழுப்பும் முன்பே பார்க்க வேண்டும். வானவெளியிலிருந்து தெருவரை சுமார் 22 அடி. அறுபதுக்கு ஒன்று என்று சரிவு கொடுத்தால் 4½ அங்குலம் இறங்கும். பீடம் தெருவைவிட 2 அடி உயரம் என்றால் வானவெளித் தரை ஒன்றரை அடி உயரத்தில். குழாயின் அடி அதற்கு 9 அங்குலம் கீழே தொடங்கி, தெருவுக்கு வரும்போது 4½ அங்குலம் மிச்சமிருக்கும். ரோட்டை ஒரு தடவை உயர்த்திப் போட்டாலே அது காலி. பீடத்தை இரண்டரை அடியாக்குங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரைமீறி வந்ததைப் பார்த்த ஊர் இது. தெருவில் தண்ணீர் நின்றால் அதே குழாய் வழியாக வீட்டுக்குள் திரும்பி வரும். முன்வாசல் தொட்டியில், குழாய் முனையில் ஒரு பின்னோட்டத் தடுப்பு வால்வு வைத்து, அதைத் திறந்து சுத்தம் செய்ய மூடியும் வையுங்கள். புரட்டாசி கடைசியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது சரியாக மூடித் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேற்குத் தாழ்வாரம் ஐப்பசி மழையில் நனையத்தான் செய்யும். மூன்றடி அகலத்தில் சாரலைத் தடுக்க வழியில்லை. அதன் தரையை வானவெளிப் பக்கம் அரை அங்குலம் சரித்து, அந்தப் பக்கத்துக் கதவுகளுக்கு பிளைவுட் போடாமல் விட்டால் போதும். ஸ்விட்ச் போர்டையும் அந்தச் சுவரில் வைக்க வேண்டாம்.

கம்பி அழி

திருடன், பூனை, சில தெருக்களில் குரங்கு. அழி இல்லாமல் முடியாது. 12 மில்லிமீட்டர் கம்பியை 5 அங்குல இடைவெளியில் 8 அடி வாய்க்குப் போட்டால் கம்பி மட்டும் 43 கிலோபோல வரும். சட்டத்தோடு நூறை நெருங்கும். இந்தப் பாரத்தை ஓட்டுச் சட்டத்தில் தொங்கவிடக் கூடாது. மூலைத் தூண்களிலும் வடக்குச் சுவரிலும் தாங்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் விளிம்பு ஓடு நடுவில் தொய்வதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு மூலையில் ஆள் இறங்கும் அளவுக்குப் பூட்டோடு ஒரு கதவு வையுங்கள், வாரியில் விழும் இலையை அள்ள வேறு வழி கிடையாது.

உட்காரும் இடம்

நாலரை அடித் தாழ்வாரத்தில் சுவரோடு முதுகு சாய்த்துச் சம்மணம் போட்டால் ஆளுக்கு இரண்டரை அடி, முன்னால் இலைக்கு ஒன்றேகால். இரண்டும் சேர்த்து கால் குறைய நாலடி. பரிமாறுபவருக்குத் தாழ்வாரத்தில் இடம் மிஞ்சாது, தேவையும் இல்லை: ஆறு அங்குலம் தாழ்ந்த வானவெளித் தரையில் நடந்தே பரிமாறலாம், அவ்வளவாகக் குனியவும் வேண்டாம். பதினைந்து அடி நீளத்தில் தலைக்கு இரண்டடி வீதம் ஏழு பேர் ஒரு பந்தி. தூண்களைத் தென்கிழக்கு, தென்மேற்கு மூலைகளில் மட்டும் நிறுத்துங்கள். அழகுக்காக நடுவில் ஒன்று வைத்தால், பந்தியில் ஒருவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும், பரிமாறுபவர் ஒவ்வொரு தடவையும் அதைச் சுற்ற வேண்டும்.

துளசி மாடத்தையோ தொட்டிச் செடியையோ நட்டநடுவில் வைக்காமல் வடமேற்கு மூலைக்கு ஒதுக்குங்கள். தரையின் வடபாதியில்தான் மார்கழியிலும் நண்பகல் வெயில் விழும், செடிக்கு அது வேண்டும். நடு காலியாக இருந்தால்தான் வற்றல் காயப் போடலாம், இரவில் கட்டில் இழுத்துப் போடலாம்.

தளம் போடுவதற்கு முன் ஒரு சோதனை

தூண்கள் எழும்பி, தளத்துக்குப் பலகை அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். கிழக்குத் தாழ்வார விளிம்பு வரும் இடத்தில் 8 அடி உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். எதிர்ப்பக்கத் தள ஓரத்தில் ஒரு மூங்கிலை நட்டு, தளத்தின் மேல்மட்டம் வரும் உயரத்தில் ஒரு துணியும், அதற்கு மூன்றடி மேலே இன்னொரு துணியும் கட்டுங்கள். பட்டாசலின் கடைசிச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மடி மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். கீழ்த்துணி கயிற்றுக்கு அடியில் தெரிந்து, அதற்கும் கயிற்றுக்கும் நடுவில் ஆகாயம் இருந்தால் கிராதி வைத்த வீட்டில் அந்த மூலைக்கு வெளிச்சம் உண்டு. மேல்துணி கயிற்றுக்கு மேலே போய் மறைந்தால், கைப்பிடிச் சுவர் கட்டினால் அந்த மூலை இருட்டு. இப்போது திருத்த வேண்டியிருந்தால் பலகையை மட்டும் நகர்த்தினால் போதும்.